60 பெட்டிக்கு எந்த முந்திரி? கடைப் பெட்டி, கொல்லத்து டின், அண்ணாச்சி கடை

அக்கா மகளுக்கு ஆவணியில் நிச்சயம். மாப்பிள்ளை வீடு புனலூர். தாய்மாமன் என்கிற முறையில் என் தலையில் விழுந்தது, வந்தவர்கள் கையில் கொடுத்து அனுப்பும் டிரை ஃப்ரூட்ஸ் பெட்டி. 60 குடும்பம், 60 பெட்டி. முந்திரி, பாதாம், பிஸ்தா, உலர்திராட்சை என்று நான்கு அறை. "லட்டு, முறுக்கு எல்லாம் யாரும் சாப்பிடுறதில்ல தம்பி, இதையே செஞ்சிரு" என்று அக்கா முடித்துவிட்டாள்.

செங்கோட்டையில் இருப்பவனுக்கு இதில் மூன்று வழி. தென்காசிப் பக்கம் ஒரு பெரிய கடையில் ரிப்பன் கட்டிய ஆயத்தப் பெட்டி கிடைக்கும். ரயிலேறி ஆரியங்காவு தாண்டி இறங்கினால் கொல்லம். முந்திரிக்கென்றே பேர்போன ஊர், அங்கே நம்பர் பார்த்து வாங்கி வந்து நாமே கட்டலாம். மூன்றாவது, எங்கள் தெரு முனையில் இருக்கும் அண்ணாச்சி கடை. மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தேன். எங்கே வாங்குவது என்பது கடைசியில்தான் தெளிவானது. அதற்கு முன்னால், கடைக்காரர் சொல்லும் சொல்லுக்கும் டப்பாவுக்குள் இருப்பதற்கும் நடுவே எத்தனை தூரம் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆயத்தப் பெட்டியில் இருந்தே தொடங்குகிறேன். மூடியில் தங்க எழுத்தில் 'ஜம்போ முந்திரி, பிரீமியம் பாதாம், ராயல் பிஸ்தா' என்று போட்டிருந்தது. 560 ரூபாய். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சாம்பிளுக்கு ஒன்றை வாங்கி வந்து, வீட்டு எலெக்ட்ரானிக் தராசில் முந்திரியை மட்டும் 50 கிராம் நிறுத்து எண்ணினேன். 34 பருப்பு.

இந்த 34 என்ன சொல்கிறது? முந்திரிக்கு ஜம்போ, பிரீமியம் என்றெல்லாம் தரம் கிடையாது. வியாபாரத்தில் புழங்குவது நம்பர்தான். டபிள்யூ 180, டபிள்யூ 210, டபிள்யூ 240, டபிள்யூ 320, டபிள்யூ 400. 'டபிள்யூ' என்றால் வெள்ளை நிறத்து முழுப் பருப்பு. பின்னால் வரும் எண், ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, அதிகபட்சம் எத்தனை பருப்பு நிற்கும் என்பது. ஆகவே எண் குறைந்தால் பருப்பு பெரிது. புதிதாக வாங்குகிறவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு, 320 என்றால் 240-ஐ விட உசத்தி என்று கேட்டு வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பவுண்டுக் கணக்கு நமக்குத் தோதில்லை. அதனால் 50 கிராமுக்கு மாற்றி வைத்துக்கொண்டேன். 50 கிராமில் 19, 20 பருப்பு நின்றால் 180. 22, 23 என்றால் 210. 24 முதல் 26 வரை 240. 33 முதல் 35 வரை 320. 39-ஐத் தாண்டினால் 400-ம் நம்பர். ஐம்பது கிராம் நிறுத்துக்காட்டச் சொன்னால் எந்தக் கடையிலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். என் சாம்பிள் பெட்டியில் 'ஜம்போ' என்று இருந்தது சாதாரண 320. கெட்ட சரக்கு இல்லை, கல்யாண வீடுகளில் பெரும்பாலும் ஓடுவது அதுதான். ஆனால் ஜம்போ இல்லை.

அடுத்து எடை. பெட்டியைக் கையில் தூக்கினால் அரைக் கிலோ போலக் கனத்தது. பின்பக்கம் சிறிய எழுத்தில் நிகர எடை 320 கிராம், ஒவ்வொன்றும் 80 கிராம் என்று இருந்தது. அட்டையும் பிளாஸ்டிக் தட்டும்தான் மீதிக் கனம். கடைக்காரர் மீது குற்றம் சொல்ல முடியாது, சட்டப்படி நிகர எடையையும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பண்டத்தின் அளவையும் எழுதியிருக்கிறார். முன்பக்கத்தைப் பார்த்தே விலையை ஒப்பிட்டால் ஏமாறுவது நம் கண்தான்.

அன்று நான் விசாரித்த விலைகளை வைத்து உள்ளே இருப்பதை மட்டும் கூட்டிப் பார்த்தேன். 320-ம் நம்பர் முந்திரி கிலோ 960, பாதாம் 880, பிஸ்தா 1,150, திராட்சை 420. எல்லாம் 80 கிராம் வீதம் கூட்டினால் 273 ரூபாய் வருகிறது. மீதி 287 ரூபாய் பெட்டிக்கும் கட்டும் கூலிக்கும் கடைக்காரர் லாபத்துக்கும். பாதிக்கு மேல் அட்டைக்கு என்றால் மனசு ஒப்பவில்லை. ஆனாலும் நேரமில்லாதவர்களுக்கு இது நியாயமான செலவாக இருக்கலாம் என்று நினைத்து, அடுத்ததாகத் தேதியைப் பார்த்தேன். அங்கேதான் இந்த வழி எனக்கு முழுதாக அடைபட்டது.

பேக்கிங் தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது. முந்திரி வறுத்து உப்புப் போட்டது.

வறுத்த முந்திரிக்கும் வறுக்காத முந்திரிக்கும் ஆயுள் வேறு. வறுக்காதது என்று நாம் சொல்வதுகூட உண்மையில் பச்சைப் பருப்பு இல்லை. தொழிற்சாலையில் கொட்டையை ஓட்டோடு ஆவியில் வேகவைத்தோ டிரம்மில் வறுத்தோதான் உடைக்கிறார்கள். பிறகு பருப்பைச் சூட்டறையில் உலர்த்தித் தோலுரிக்கிறார்கள். அந்த நிலையில் நல்ல டின்னில் இருந்தால் மாதக்கணக்கில் நிற்கும். அதை இன்னொரு முறை எண்ணெயிலோ அடுப்பிலோ வறுத்தால் மணம் கூடும், மொறுமொறுப்பு வரும், கூடவே உள்ளிருக்கும் எண்ணெய் மேலே வந்து காற்றோடு உறவாட ஆரம்பிக்கும். அதற்கப்புறம் காறல் வாடை சீக்கிரமே வந்துவிடும். எங்கள் ஊர் சாரல் காலத்தில் இன்னொரு தொல்லை. வறுத்த பருப்பில் ஈரம் மிகக் குறைவு, அதனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குற்றால சீசனில் திறந்து வைத்த வறுத்த முந்திரி மறுநாள் மாலைக்குள் நமத்துவிடும்.

வறுத்ததில் இன்னொரு விஷயமும் உண்டு. நிறம் மறைந்துவிடும். உலர்த்தும்போது சூடு கூடிப்போய்ப் பழுப்பேறிய முழுப் பருப்பைத் தனியாகப் பிரித்து 'ஸ்கார்ச்' என்று குறைந்த விலைக்கு விற்பார்கள். வறுத்து மிளகுத்தூள் தூவிவிட்டால் அதற்கும் வெள்ளைப் பருப்புக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய சரக்கின் லேசான காறலையும் உப்பும் காரமும் மூடிவிடும். எல்லாரும் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. வாங்குகிறவன் சோதிக்க வழியில்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

அக்கா வறுத்ததுதான் வேண்டும் என்றாள். "திறந்த உடனே வாயில போடணும் தம்பி." நான் அவளிடம் ஒன்று கேட்டேன். நம் வீட்டுக்கு வந்த பெட்டிகளை நாம் எப்போது திறந்தோம்? பீரோ மேலே தூங்கும், தீபாவளிக்கு யாராவது வந்தால் ஞாபகம் வரும், சிலது திறக்காமலே இன்னொரு விசேஷத்துக்குக் கைமாறும். அக்கா சிரித்துவிட்டாள். அப்படி மாதக்கணக்கில் தூங்கப் போகிற பெட்டிக்கு வறுக்காத பருப்புதான் சரி. மண்டபத்தில் தட்டில் வைக்க மட்டும் ஒரு கிலோவை முந்தின நாள் வறுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

இனி அண்ணாச்சி கடை. இங்கே முந்திரியை யாரும் முந்திரி என்று கேட்பதில்லை, அண்டிப்பருப்புதான். கிலோ 900 சொன்னார், முழுசு. 50 கிராம் நிறுத்தோம். 36 வந்தது, அதில் நான்கு ஓரம் உடைந்தது. 320-க்கும் 400-க்கும் நடுவே எங்கேயோ நிற்கிற கலப்பு. ஒன்றை எடுத்து ஒடித்தேன். நல்ல முந்திரி 'டக்'கென்று உடையும். இது கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டு உடைந்தது. மூட்டை அவிழ்த்து டப்பாவில் கொட்டி, சாரல் அடிக்கிற தெருவில் நாளெல்லாம் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் வேறெப்படி இருக்கும்? அண்ணாச்சியே சொல்லிவிட்டார்: "பெட்டிக்கு இது வேண்டாம் தம்பி. பாயசத்துக்கு வேணும்னா பாதி தாரேன், எதுக்கு முழுசுக்குக் காசு கொடுக்க?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நெய்யில் வறுத்துப் பாயசத்தில் போடும் முந்திரிக்கு முழுசு தேவையே இல்லை. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த 'ஸ்ப்ளிட்' போதும், அதையும்விடச் சின்ன உடைசல் பர்ஃபிக்கும் அரைத்துவிடும் குருமாவுக்கும் போதும். ருசி ஒன்றே. முழுசு, நம்பர் என்பதெல்லாம் கண்ணுக்குக் கொடுக்கிற காசு. பெட்டி கண்ணுக்கானது, பாயசம் வாய்க்கானது. பாயசத்துக்கு 2 கிலோ ஸ்ப்ளிட் அண்ணாச்சியிடமே எடுத்தேன்.

மூன்றாவது வழிக்காக ஆடி கடைசியில் கொல்லம் கிளம்பினேன். ஒரு எச்சரிக்கை: நான் போனது ஓணத்துக்கு மூன்று வாரம் முன்னால். ஓணம் நெருங்க நெருங்கக் கேரளாவில் எல்லா வீட்டிலும் பாயசம், முந்திரிக்கு ஏக கிராக்கி. ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால் அதே விலை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

நான் போன கடையில் எல்லாம் நம்பர் போட்டு வைத்திருந்தார்கள். 320 கிலோ 960, 240 கிலோ 1,120, 180 கிலோ 1,400. கடைக்காரர் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். "சேட்டா, இது எப்போ பேக் பண்ணினது?" என்று கேட்டேன். கால் கிலோ பாக்கெட்டைக் காட்டி, "இது போன வாரம்" என்றார். "பாக்கெட் சரி. டின்?" என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப் போனார்.

இந்தக் கேள்விதான் முக்கியம். மொத்தச் சரக்கு 10 கிலோ டின்னில் வருகிறது. டின்னுக்குள் இருக்கும் காற்றை எடுத்துவிட்டு கரியமில வாயுவோ நைட்ரஜனோ நிரப்பி மூடியிருப்பார்கள். மூடி இருக்கும்வரை பருப்பு ஏறக்குறைய தூங்குகிறது. டின் திறந்த நிமிடத்தில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். சில்லறைப் பாக்கெட்டில் நாம் பார்க்கும் தேதி பெரும்பாலும் அந்த டின்னைப் பிரித்துப் பாக்கெட் போட்ட நாள். டின் எப்போது மூடப்பட்டது, எப்போது திறக்கப்பட்டது என்பது அதில் தெரியாது. போன வாரத் தேதி போட்ட பாக்கெட்டில், இரண்டு மாதம் முன்பே திறந்து பாதி தீர்ந்த டின்னின் அடிப் பருப்பு இருக்கலாம். ஆகவே நான் கேட்டுக்கொண்டது, மூடிய டின்னை என் கண்முன்னால் திறந்து நிறுக்க வேண்டும் என்பது. 6 கிலோவுக்கு மேல் வாங்குகிறவனுக்கு அதைச் செய்ய அவருக்குத் தயக்கமே இல்லை. கால் கிலோ வாங்குகிறவருக்கு இந்த உரிமை கிடையாது. அவர்கள் ஒடித்தும் மென்றும்தான் பார்க்க வேண்டும்.

மெல்லும்போது உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. காறல் முதலில் தெரியாது. முதலில் இனிப்பு, அப்புறம் பால் வாசனை, விழுங்கிய பிறகு தொண்டையில் பெயின்ட் மாதிரி ஒரு கசப்பு நின்றால் அது பழசு. ஒடித்த இடத்தில் நிறம் உள்ளும் புறமும் ஒரே தந்தநிறமாக இருக்க வேண்டும். ஓரம் மஞ்சளித்திருந்தால் யோசிக்கணும். பருப்பின் இரண்டு பாதிக்கும் நடுவே மாவு போல் தூளோ நூல் போல் இழையோ இருந்தால் புழு வந்து போய்விட்டது.

பருவமும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. நம் நாட்டு முந்திரி மாசி முதல் வைகாசி வரை அறுவடையாகும். கொல்லத்துத் தொழிற்சாலைகளில் ஆப்பிரிக்கக் கொட்டையும் நிறைய உடைபடுகிறது. மகாராஷ்டிரத் திராட்சை கோடை முடிவதற்குள் காய்ந்து வந்துவிடும், ஆவணியில் அது சில மாதமே ஆன சரக்கு. பாதாம் நேர்மாறு. கலிஃபோர்னியாவில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் மரத்தை உலுக்குவார்கள். ஆவணியில் நம் கைக்கு வரும் பாதாம், நேற்றுப் பாக்கெட் போட்டதாகவே இருந்தாலும், போன வருஷத்துக் காய். பிஸ்தாவும் அப்படியே. ஆகையால் பாதாமில் தேதியைவிட மென்று பார்ப்பதை நம்பினேன்.

சரி, நம்பர் எது? 100 கிராம் அறையில் 180 போட்டால் 38, 39 பருப்பு நிற்கும். 240 என்றால் 50-ஐ ஒட்டி. 320 என்றால் 68 போல. கணக்குப் பார்த்தால் 320-இலிருந்து 240-க்கு ஏறப் பெட்டிக்கு 16 ரூபாய் கூடுதல். 240-இலிருந்து 180-க்கு ஏற இன்னும் 28 ரூபாய். முதல் 16 ரூபாய்க்குக் கண்ணில் வித்தியாசம் தெரிகிறது. 320-ஐயும் 240-ஐயும் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைகூடப் பெரிதைக் காட்டும். அடுத்த 28 ரூபாய்க்கு, பக்கத்தில் வைத்தால் தெரியும், தனியாக வைத்தால் சந்தேகம்தான். மண்டபத்தில் யார் இரண்டு பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? 240 என்று முடிவு செய்தேன்.

அம்மாவுக்குத்தான் ஒப்பவில்லை. "சம்பந்தி வீடு கொல்லத்துப் பக்கம்டா. அவங்களுக்கு அண்டிப்பருப்பைப் பத்தித் தெரியாதா? பெருசா இருக்கணும்." நியாயமான பேச்சு. சம்பந்தி வீட்டுக்கு நேரடியாகப் போகும் 5 பெட்டிக்கு மட்டும் 180 எடுத்தேன். அரைக் கிலோ, 140 ரூபாய் கூடுதல். அம்மாவின் முகத்துக்கு அது மலிவு.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதாமில் எண், ஓர் அவுன்ஸுக்கு, அதாவது 28 கிராமுக்கு எத்தனை பருப்பு என்பது. 23/25, 27/30 என்று ஜோடியாக எழுதுவார்கள். இங்கேயும் எண் குறைந்தால் பெரிது. ரகம் என்று பார்த்தால் நான்பரேல் தட்டையாக, மெல்லிய வழவழத் தோலோடு இருக்கும், பெட்டிக்கு அழகு. மாம்ரா கோணல்மாணலாக, எண்ணெய்ச் சத்தோடு, பல மடங்கு விலையில் வரும். தெரிந்தவர்கள் கொண்டாடுவார்கள், தெரியாதவர்கள் "இதென்ன சுருங்கிப்போன பாதாம்" என்பார்கள். 60 பெட்டிக்கு நான்பரேல் போதும். இதையும் வறுக்காமலே வைத்தேன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ராத்திரி ஊறவைத்துக் காலையில் தோலுரித்துச் சாப்பிடுகிறவர்கள். வறுத்துக் கொடுத்தால் அது நடக்காது.

பிஸ்தா மட்டும் ஓட்டோடு, வறுத்து உப்புப் போட்டது. அப்படித்தான் எல்லாரும் சாப்பிடுகிறார்கள். அதில் பார்க்க வேண்டியது இரண்டுதான். ஓடு போக உண்ணக் கிடைப்பது ஏறக்குறைய பாதி எடை என்பதை விலையில் நினைவு வைப்பது. இன்னொன்று, ஒரு கை அள்ளினால் அதில் வாய் திறக்காதது எத்தனை என்று எண்ணுவது. என் கைப்பிடியில் இரண்டு, அது பரவாயில்லை.

திராட்சைதான் நான் அதிகம் யோசித்த பண்டம். விலையால் இல்லை, பக்கத்து வீட்டைக் கெடுக்கும் குணத்தால்.

சில வருஷம் முன்னால் எங்கள் வீட்டுப் பால்காய்ச்சுக்கு நானே இதே மாதிரி 20 பெட்டி கட்டினேன். முந்திரியை நெய்யில் வறுத்து, நான்கு அறைத் தட்டில் அப்படியே போட்டு, பக்கத்து அறையில் திராட்சை, மேலே ஒரே மூடி. போதாக்குறைக்கு முந்திரி கை பொறுக்கிற சூட்டிலேயே இருந்தது. ஐந்தாம் நாள் மீதி இருந்த ஒரு பெட்டியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் வேர்த்துக் காய்ந்த தடம். முந்திரியை ஒடித்தால் ரப்பர் மாதிரி வளைந்தது. திராட்சை கல்லாகிவிட்டது. கொடுத்த 19 வீட்டிலும் இதே கதைதான் நடந்திருக்கும், நாகரிகம் கருதி யாரும் சொல்லவில்லை.

காரணம் எளிது. உலர்திராட்சை என்றாலும் அதில் நூற்றுக்கு 15 போல ஈரம் இருக்கிறது. முந்திரியில் 5-க்கும் கீழே, வறுத்ததில் இன்னும் குறைவு. ஒரே மூடிக்குள் இரண்டையும் வைத்தால், இரண்டும் சமநிலைக்கு வரும்வரை ஈரம் திராட்சையை விட்டு முந்திரிக்கு நடந்துகொண்டே இருக்கும். தட்டின் நடுச்சுவர் அரை அங்குல உயரம், மேலே காற்று ஒன்றுதான், ஈரத்துக்கு அது தடுப்பே இல்லை. பேரீச்சை வைத்தால் இன்னும் மோசம். மெத்தென்ற கிமியா பேரீச்சை ஃபிரிட்ஜில் இருக்க வேண்டிய பண்டம், அதை இந்த மாதிரிப் பெட்டியில் நான் வைக்கவே மாட்டேன்.

நான் வாங்கிய ஆயத்தப் பெட்டி சாம்பிளும் இதே அமைப்புதான், திறந்த தட்டும் மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் சன்னலும். சன்னல் அழகு, ஆனால் வெளிச்சம் எண்ணெய்ப் பருப்பை இன்னும் சீக்கிரம் காறவைக்கும். அதிலிருந்த முந்திரியை ஒடித்தேன். வளையவில்லை, ஆனால் 'டக்'கும் இல்லை. அந்தப் பெரிய கடையிலேயே இதே பெட்டியின் இன்னொரு ரகம், உள்ளே ஒவ்வொரு பண்டமும் தனித்தனி சீல் போட்ட பையில் இருப்பது, 640-க்குக் கிடைத்தது. ஆயத்தமாகத்தான் வாங்க வேண்டும் என்றால் அந்த 80 ரூபாயைத் தயங்காமல் கொடுத்துவிடுங்கள்.

கடைசியில் கட்டியது இப்படி. சன்னல் இல்லாத கெட்டி அட்டைப் பெட்டி தட்டோடு 65 ரூபாய். உள்ளே வெள்ளிநிறம் பூசிய சின்னப் பைகள் நான்கு, 8 ரூபாய். ரிப்பனும் சீட்டும் 7. பண்டம் 100 கிராம் வீதம்: முந்திரி 112, பாதாம் 88, பிஸ்தா 115, திராட்சை 42. எல்லாம் சேர்த்து 437. ரயில், ஆட்டோ, சிந்தியது, பிள்ளைகள் கொறித்தது எல்லாம் போட்டால் பெட்டி 450 என்று வைத்துக்கொள்ளலாம். ஆயத்தப் பெட்டி 320 கிராம் 560 ரூபாய், நம் பெட்டி 400 கிராம் 450 ரூபாய். 60 பெட்டிக்கு 6,600 ரூபாய் மிச்சம்.

அந்த மிச்சத்தில் ஒரு முழு ஞாயிறு கணக்கில் வரவில்லை. நான்கு பேர் காலை ஒன்பதுக்கு உட்கார்ந்து மாலை நாலுக்குத்தான் எழுந்தோம். 240 பையை நிறுத்துப் போட்டு, கைமெஷினில் ஒட்டி, ஒட்டியதை அமுக்கிக் காற்றுப் போகிறதா என்று பார்த்து. 10 பெட்டிக்குள் என்றால் கொல்லம் போகிற அலைச்சலுக்கு இது கட்டுபடியாகாது. சீல் போட்ட பை உள்ள ஆயத்தப் பெட்டியே புத்தி. 30-ஐத் தாண்டினால்தான் நானே மறுபடி இதைச் செய்வேன். அதுவும் மழை இல்லாத நாளாகப் பார்த்து. அன்று நல்லவேளை வெயில் அடித்தது. அடிக்காவிட்டாலும் ஒவ்வொரு பொட்டலமாகத் திறந்து, ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுவது என்று வைத்திருந்தோம்.

தட்டில் வைக்க வறுத்த ஒரு கிலோவைப் பற்றியும் ஒரு வரி. வறுத்தபின் நிறுத்துப் பார்த்தால் 970 கிராம்தான் இருந்தது, ஈரம் போன கணக்கு. வறுத்துப் பொட்டலம் போடுகிறவர்கள் இந்தக் குறைவைச் சேர்த்தே வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், விசிறியடியில் பரப்பி முழுதாக ஆறிய பிறகே மூட வேண்டும். பால்காய்ச்சுப் பாடம் அது.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு வைத்தேன். இப்படி எழுதியிருந்தேன்:

'முந்திரி, 240-ம் நம்பர், வறுக்காதது, 100 கிராம். பாதாம், நான்பரேல், வறுக்காதது, 100 கிராம். பிஸ்தா, ஓட்டோடு, வறுத்து உப்பிட்டது, 100 கிராம், முதலில் இதைச் சாப்பிடவும். உலர்திராட்சை, பச்சை நீளம், 100 கிராம். கொல்லத்தில் டின் திறந்த நாள் ஆடி 28, பை ஒட்டிய நாள் ஆவணி 1.'

அக்கா இதைப் படித்துவிட்டு, "என்னடா, ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கு" என்றாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சம்பந்தி வீட்டுக்கான அந்த 5 பெட்டிக்குச் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தேன். மண்டபத்து அவசரத்தில் ரிப்பன் மாட்டிய பெண்கள் அந்த நூலை அழகுக்கு இல்லை என்று வெட்டிவிட்டார்கள். 180-ம் நம்பர் முந்திரி யார் யார் வீட்டுக்குப் போனது என்று இன்றுவரை தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தது: வேன் டிரைவர் ஒருவாரம் கழித்து போன் செய்து, "அண்ணே, முந்திரி எம்மாம் பெருசு, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.